குறைந்தபட்சச் செலவுச் சேர்க்கை

ஒரு நிறுவனம் தான் உண்டாக்க நிச்சயித்த உற்பத்தி அளவை, உழைப்பு, மூலதனம் ஆகிய இரண்டு காரணிகளையும் எவ்வெவ்வளவில் சேர்த்தால் மிகக் குறைந்த செலவில் பெறலாம் என்ற வினாவுக்குப் பொருளாதார சாஸ்திரம் காணும் விடையே குறைந்தபட்சச் செலவுச் சேர்க்கை எனப்படும். இவ்வினாவில் உற்பத்தியின் அளவு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. எவ்வளவு உற்பத்தி செய்வது லாபம் என்பது பிறகு, விலையையும் கருதி ஆராயவேண்டிய வேறொரு விஷயம்.

விடையை வரைபடத்தில் காண இரண்டு கோடுகள் வேண்டும். கிடை அச்சில் உழைப்பையும் செங்குத்து அச்சில் மூலதனத்தையும் குறித்து, ஒரே அளவு உற்பத்தியைத் தரவல்ல சேர்க்கைகளையெல்லாம் இணைத்தால் வருவது சம உற்பத்திக் கோடு. ஒரு காரணியைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியே ஈடுசெய்ய வேண்டுமாதலின் அது இடமிருந்து வலமாகக் கீழே சரியும். ஒரு காரணியைக் குறைக்கக் குறைக்க, அதன் ஒவ்வோர் அலகுக்கும் மற்றதை மேலும் மேலும் மிகுதியாகத் தரவேண்டியிருப்பதால், அது ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்த வளைவாகவும் அமையும். ஒரே மொத்தச் செலவில் வாங்கக்கூடிய சேர்க்கைகளை இணைப்பது சம செலவுக் கோடு. காரணிகளின் விலைகள் நிறுவனத்தின் கொள்முதலால் மாறாதவரையில் இது நேர்கோடே. கூலியை இயந்திர வாடகையால் வகுத்து வரும் எண்ணே அதன் சரிவு. முதற்கோட்டின் வடிவத்தைத் தொழில்நுட்பமும், இரண்டாவதன் சரிவைச் சந்தையும் நிர்ணயிக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்றைப் பற்றி யாதும் தெரியாது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், அவை சந்திக்கும் இடத்தின் சிறப்பு விளங்கும்.

ஓர் உதாரணத்தை இறுதிவரை கணக்கிட்டுப் பார்ப்பது, பொதுவாகப் பேசுவதைவிடப் பயனுடையது. ஒரு பட்டறையின் உற்பத்தி q = √(LK) என்ற விதிப்படி நடக்கிறதென்று கொள்வோம்; L என்பது ஆள்-நாட்கள், K என்பது இயந்திர-நாட்கள். ஆள்-நாளுக்குக் கூலி 4 ரூபாய். இயந்திர-நாளுக்கு வாடகை 9 ரூபாய். வேண்டிய உற்பத்தி 60 அலகு. எனவே L, K இரண்டின் பெருக்கற்பலன் 3600 ஆக இருக்கவேண்டும். முதலாளி 60 ஆள்-நாட்களையும் 60 இயந்திர-நாட்களையும் அமர்த்தியிருக்கிறார் என்றால் அவருடைய செலவு 780 ரூபாய். இந்த இடத்தில் ஓர் ஆளும் ஓர் இயந்திரமும் விளிம்பில் தரும் உற்பத்தி சமம்; ஆகவே ஓர் இயந்திர-நாளைக் கைவிட்டால் ஏறத்தாழ ஓர் ஆள்-நாளைச் சேர்த்து உற்பத்தியைக் குறையாமல் காக்கலாம். 9 ரூபாய் மிச்சமாகிறது, 4 ரூபாய் செலவாகிறது, 5 ரூபாய் கையில் நிற்கிறது. இவ்வாறு மாற்றிக்கொண்டே வளைவின் வழியே கீழிறங்கினால், 90 ஆள்-நாள், 40 இயந்திர-நாள் என்ற புள்ளியில் செலவு 720 ரூபாயாகிறது. இங்கே ஓர் இயந்திர-நாளுக்கு ஈடாக இரண்டேகால் ஆள்-நாள் தேவைப்படுகிறது. அதன் கூலியும் சரியாக 9 ரூபாயே. இனி மாற்றுவதால் யாதொரு பயனுமில்லை.

இந்தப் புள்ளியில்தான் 60 அலகுக்குரிய சம உற்பத்திக் கோட்டை 720 ரூபாய்க்குரிய சம செலவுக் கோடு வெட்டாமல் தொட்டுச் செல்கிறது. அதைவிடத் தாழ்ந்த செலவுக் கோடு எதுவும் வளைவை எட்டாது. உயர்ந்த கோடு எதுவும் அதை இரண்டு இடங்களில் வெட்டும், வெட்டும் இடத்தில் வீண்செலவு இருக்கிறது என்பது பொருள். தொடுபுள்ளி நிபந்தனையைச் சொற்களில் கூறுவதானால், ஒவ்வொரு காரணியின் இறுதிநிலை உற்பத்தியையும் அதன் விலையால் வகுத்தால் கிடைக்கும் எண்கள் சமமாக இருக்கவேண்டும், அதாவது கடைசியாகச் செலவிட்ட ரூபாய் எந்தக் காரணியிற் சென்றாலும் ஒரே உற்பத்தியைத் தரவேண்டும். நம் பட்டறையில் ஆளின் இறுதிநிலை உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு, அதன் விலை 4. இயந்திரத்தினுடையது முக்கால், அதன் விலை 9. இருபுறமும் ரூபாய்க்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு அலகு வருகிறது. இதைத் தலைகீழாக்கினால் வரும் 12 ரூபாயே மேலும் ஓர் அலகு உண்டாக்க ஆகும் இறுதிநிலைச் செலவு.

புள்ளி சற்றே தவறினால் நஷ்டம் பெரிதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. 100 ஆள்-நாளுடன் 36 இயந்திர-நாளைச் சேர்த்தால் செலவு 724, 80 ஆள்-நாளுடன் 45-ஐச் சேர்த்தால் 725. அடிவாரம் தட்டையாயிருப்பதால் அதற்கருகே அலைவது மன்னிக்கப்படும். வெகுதூரம் விலகினால் மன்னிக்கப்படாது.

மேற்கண்ட விதியின் பொது வடிவம், சார்ல்ஸ் காப், பால் டக்ளஸ் என்பவர்கள் 1928-இல் வெளியிட்டு, அமெரிக்கத் தொழிலுற்பத்தியின் 1899 முதல் 1922 வரையிலான புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டுக் காட்டிய உற்பத்திச் சார்பாகும். அவர்கள் கண்ட அடுக்குகள் உழைப்புக்கு முக்கால், மூலதனத்துக்குக் கால். இங்கே கணக்கு எளிதாகும்பொருட்டு இரண்டும் அரையாகக் கொள்ளப்பட்டன.

விலை மாறும்போது இத்தத்துவத்தின் பலன் தெரியவரும். கூலி 9 ரூபாயாக உயர்ந்தால், பழைய சேர்க்கையையே விடாமற் பிடித்துக்கொள்பவருக்கு 1170 ரூபாய் செலவாகும். 60, 60 என மாற்றியமைப்பவருக்கு 1080 ஆகும். இடைப்பட்ட 90 ரூபாய் காரணிகளை ஒன்றுக்கொன்று பதிலீடு செய்ததால் வந்த மிச்சம். உயர்வு மிகச் சிறியதானால் பதிலீட்டின் பலனைப் புறக்கணிக்கலாம்: கூலி ஒரு பைசா ஏறினால் செலவு ஏறத்தாழ 90 பைசா ஏறும், ஏனெனில் அமர்த்தப்பட்டவை 90 ஆள்-நாட்கள். இந்த உறவை ரானல்ட் ஷெப்பர்ட் 1953-இல் வெளிவந்த தம் நூலில் முறைப்படி நிறுவியதால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

எனினும் நிபந்தனையை நடைமுறையில் பொருத்தும்போது வாடகை என்பது எதுவென்பதில் பலர் தடுமாறுகிறார்கள். இயந்திரத்தை முன்பே பணங்கொடுத்து வாங்கிவிட்டவர் அதை இலவசமாகக் கருதினால் இயந்திரத்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவார். அதை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையே கணக்கில் வரவேண்டிய விலை. மேலும், குறுகிய காலத்தில் இயந்திரத்தின் அளவை மாற்றமுடியாது. நம் பட்டறை 40 இயந்திர-நாட்களோடு 80 அலகு உண்டாக்க நேர்ந்தால் 160 ஆள்-நாட்களை அமர்த்தி 1000 ரூபாய் செலவிடும். இரண்டையும் மாற்ற அவகாசமிருந்தால் 960 போதும். அந்த அவகாசம் வரும்வரை, தொடுபுள்ளி இல்லாததை முதலாளியின் அறியாமை என்று கொள்வது நியாயமன்று.

தொடுபுள்ளி கிட்டாத வேறு நிலைகளும் உண்டு. ஓர் இயந்திர-நாள் எப்போதும் இரண்டு ஆள்-நாட்களுக்கு ஈடாகுமானால் சம உற்பத்திக் கோடு நேர்கோடாகிவிடும். கூலி 4 ரூபாயாக இருக்கையில் ஆட்களை மட்டுமே அமர்த்துவதும், 5 ரூபாயாக உயர்ந்தவுடன் இயந்திரத்தை மட்டுமே கொள்வதும் சிக்கனம். விடை ஏதேனும் ஓர் அச்சில் போய் முடியும். கோடு வெளிப்புறம் புடைத்திருந்தாலோ தொடுபுள்ளி மிக அதிகச் செலவைக் காட்டிவிடும். ஆகையால் குவிவு உண்டா என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, இருமுனைகளின் செலவையும் கணக்கிட்டு ஒப்பிடுவது அவசியம். ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள் என்று விகிதம் மாறாத தொழில்களில் கோடு செங்கோணமாக மடிந்து நிற்கும். அங்கே கூலி எவ்வளவு ஏறினாலும் சேர்க்கை மாறுவதில்லை. செலவு மட்டுமே ஏறும்.