பங்குதாரர் முதன்மையும் திண்டுக்கல் ஒப்பந்தமும்

தாடிக்கொம்பு வழியாகக் கரூர் செல்லும் சாலையை ஒட்டிய ஊர்களிலிருந்து பெண்கள் நாள்தோறும் நூற்பாலைகளுக்கும் ஆடை ஆலைகளுக்கும் செல்கின்றனர். நிறுவனம் யாருக்குப் பொறுப்பானது என்ற வினா இங்கு ஏட்டளவிலானது அன்று. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் பணியாற்றிய தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார்.

பங்குதாரரின் இலாபமே நிறுவனத்தின் முதற்கடமை என்று 1970இல் வாதிட்டவர் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். மேலாளர் பிறர் பணத்தைத் தம் விருப்பப்படி அறத்திற்குச் செலவிடும் உரிமையை யாரும் அவருக்கு அளிக்கவில்லை என்பது அவர் வாதம். எல்லோருக்கும் பொறுப்பானவர் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற எச்சரிக்கையையும் இத்தரப்பினர் முன்வைக்கின்றனர். இதில் வலு உண்டு. விளம்பரத்திற்காகச் செய்யப்படும் நற்பணியைக் கேள்வி கேட்கும் அதிகாரம் தொழிலாளிக்கு இல்லை.

ஆனால் இலாபத்தைச் சட்டத்திற்கும் சமூகத்தின் அறவழக்கத்திற்கும் உட்பட்டே ஈட்ட வேண்டும் என்றும் ஃப்ரீட்மன் கூறினார். வழக்கமே சாதியாக இருக்கும் சமூகத்தில் இந்த எல்லை காவலாகாது. மேலும், பங்குதாரர் இழப்பது போட்ட முதலை மட்டுமே. தொழிலாளி பணயம் வைப்பது தன் உடலை.

இந்தியச் சட்டம் இரு வழிகளில் விடை தருகிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 166ஆம் பிரிவு, இயக்குநர்கள் ஊழியர், சமூகம் ஆகியோரின் நலனையும் பேண வேண்டும் என்கிறது. 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடப் பணிக்கிறது. எனினும், தன் ஊழியருக்கு மட்டும் பயன்தரும் செலவு இக்கணக்கில் சேராது. எனவே ஊர்ப் பள்ளிக்குக் கட்டடம் தரும் ஆலை, தன் தையல் தளத்தில் நிகழும் சீண்டலைத் தடுக்காமலேயே இக்கடமையை நிறைவேற்றிவிடலாம்.

திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த இடைவெளியில் பிறந்தது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடன் 2022 ஏப்ரலில் இதில் கையெழுத்திட்டது. எச் அண்ட் எம் நிறுவனமும், பின்னர் கேப், பி.வி.எச். ஆகியவையும் தனி ஒப்பந்தங்களால் கட்டுப்பட்டன. சங்கம் பயிற்றுவித்த தொழிலாளிகளே தளத்தில் பாலியல் சீண்டலையும் சாதிப் பாகுபாட்டையும் கண்காணிக்கின்றனர். உரிமையாளர் வாக்குத் தவறினால், வாங்கும் நிறுவனங்கள் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டுள்ளன.

அதாவது, தொழிலாளியின் பாதுகாப்பு இங்கு இலாபக் கணக்கிற்குள்ளேயே நுழைகிறது. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை இவ்வாலையின் ஆடைகளைத் தடுத்து நிறுத்தியது. ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த நிலையில் செப்டம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆர்டர் இருக்கும்வரையே இந்தப் பிடி இருக்கும் என்பது இதன் எல்லை. வாங்குபவர் வெளியேறினால் கண்காணிப்பின் பின்பலமும் போய்விடும்.

ஆகவே ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பை அளக்க, அது எவ்வளவு செலவிட்டது என்று கேட்பது போதாது. வாக்கு மீறப்பட்டால் அதைத் தண்டிக்கும் உரிமை தொழிலாளியின் கையில் உள்ளதா என்று கேட்க வேண்டும்.