கோட்டி முதல் கீழ்ப்பாக்கம் வரை

தூத்துக்குடித் தெருக்களில் ‘கோட்டி’ என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாள் கழியாது. “ஏல கோட்டிப் பயலே, வெயில்ல நிக்காதல!” என்று தாய் மகனை அழைக்கும்போது அதில் செல்லம்தான் இருக்கும். அதே சொல்லைச் சித்தம் கலங்கித் தெருவில் திரிபவரைப் பார்த்துச் சொன்னால், அது கல்லெறிதலுக்கு ஒப்பாகும். கோடுதல் என்றால் வளைதல். மனம் நேர்நிலையிலிருந்து வளைந்துவிட்டது என்ற பொருளில் இச்சொல் பிறந்திருக்கலாம்.

‘பைத்தியம்’ வசையாகப் பிறந்த சொல் அன்று, பித்தத்தோடு தொடர்புடையது. வாதம், பித்தம், கபம் எனப் பகுத்த மருத்துவம், பித்தம் மிகுந்தால் அறிவு கலங்கும் என்று கருதியது. ‘பித்தன்’ என்று சிவனையே சுந்தரர் உரிமையோடு அழைத்தார். நோயைக் குறித்த சொல் பிறகு நோயாளியைக் குத்தும் சொல்லாயிற்று.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஹென்றி காடார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், அறிவு வளர்ச்சி எட்டு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் அளவில் நின்றுவிட்டவர்களைக் குறிக்க, 1910இல் கிரேக்க வேரிலிருந்து ‘மோரான்’ என்ற சொல்லை உருவாக்கினார். அதற்கும் கீழ்நிலைகளுக்கு ‘இம்பிசைல்’, ‘இடியட்’ என்ற சொற்கள் இருந்தன. மூன்றும் மருத்துவர்களின் குறிப்பேட்டுச் சொற்கள்; மூன்றுமே பள்ளிக்கூட வசைகளாயின. அவற்றுக்கு மாற்றாக வந்த ‘மென்டலி ரிட்டார்டட்’ என்பதையும் 2010இல் ஒரு சட்டத்தின் மூலம் அமெரிக்கா தன் கூட்டரசுச் சட்டங்களிலிருந்து நீக்கியது.

சென்னையில் இன்னும் விசித்திரம். கீழ்ப்பாக்கம் மருத்துவமனை முதலில் ‘லுனாட்டிக் அசைலம்’. 1922இல் அது மனநோய் மருத்துவமனையானது. 1978இல் மனநல நிலையம் என்றானது. ஒவ்வொரு முறையும் பலகை மாறியது. மக்களோ பலகையைப் படிக்கவில்லை. “இவனைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்” என்றார்கள். எந்தக் குற்றமும் செய்யாத ஓர் ஊர்ப்பெயரே வசையாகிவிட்டது. தென்மாவட்டங்களில் அந்த இடம் ஏர்வாடிக்கு.

முத்துக்குளித்துறைக் கடலோரத்தில் கீழக்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஏர்வாடி. தர்காவை நம்பி நோயாளிகளை அழைத்து வந்த குடும்பங்களுக்காகத் தனியார் காப்பகங்கள் அங்கே முளைத்தன. அவற்றில் ஒன்றின் கீற்றுக் கொட்டகை 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கட்டி வைத்திருந்த இடத்துக்குப் பெயர் ‘மனநலக் காப்பகம்’.

சொல் அழுக்காவது அதன் ஒலியால் அல்ல, அந்த மனிதர்களை நடத்தும் விதத்தால்தான். சங்கிலி இருக்கும்வரை எந்தப் புதுச்சொல்லிலும் அதன் துரு ஏறும். இந்தியாவின் 1912ஆம் ஆண்டுச் சட்டம் பெயரிலேயே ‘லூனசி’ என்ற நிலவுப் பித்தைச் சுமந்திருந்தது. 1987இன் சட்டம் அதை ‘மனநலம்’ ஆக்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று வெளிப்படையாகத் தடை விதிக்கிறது.