ஆய்வு முன்மொழிவு: மீளாய்வுக் குழு கேட்கும் மூன்று கேள்விகள்

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் பற்றி ஆய்வு செய்ய நிதியுதவி கோரி, சில வருடங்களுக்கு முன்னர் ஒரு முன்மொழிவை அனுப்பினேன். அது நிராகரிக்கப்பட்டது. எங்கள் வலி அவர்களுக்கு விளங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மீளாய்வுக் குழுவின் குறிப்பை ஆறுதலாக வாசித்தபோது பிழை என்னிடம் இருந்தது தெரிந்தது.

முன்மொழிவில் தலைப்பு, ஆய்வின் நியாயம், முந்தைய ஆய்வுகள், நோக்கங்கள், முறையியல், கால அட்டவணை, செலவு எனப் பல பகுதிகள் உண்டு. ஆனால் குழுவை இணங்க வைப்பவை மூன்று.

முதலாவது, நியாயம். "இதை ஏன் ஆராய வேண்டும்?" என்பதே கேள்வி. நான் இரண்டு பக்கங்களுக்குத் துயரத்தை எழுதியிருந்தேன். குழு அதை மறுக்கவில்லை. 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவிலும் 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவிலும் குடும்பங்கள் சாட்சியம் அளித்துள்ளன. இன்னும் அறியப்படாதது எது என்று கேட்டது. இரண்டாம் முறை அந்த இடைவெளியையே எழுதினேன். அம்மாமார் பொலித்தீன் பைகளில் முறைப்பாட்டுப் பிரதிகளையும் படங்களையும் வைத்திருக்கிறார்கள். அவற்றை எப்படிப் பேணுகிறார்கள், தங்களுக்குப் பிறகு யாரிடம் கொடுப்பார்கள் என்பதைப் பற்றி நான் தேடிய அளவில் ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாவது, நோக்கம். "முடிவில் என்ன கிடைக்கும்?" என்று குழு பார்க்கிறது. "குடும்பங்களின் நிலையை ஆராய்தல்" என்று எழுதியிருந்தேன். அது எப்போது நிறைவேறியது என்று எவராலும் சொல்ல முடியாது. அதை இரண்டாகப் பிரித்தேன்: வைத்திருக்கும் ஆவணங்களை வகைப்படுத்தல், அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என விளக்குதல். ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே அதற்குரிய தரவு எங்கிருந்து வரும் என்று எழுதிப் பாருங்கள். வெற்றிடம் விழுந்தால் அந்த நோக்கம் நிற்காது.

மூன்றாவது, சாத்தியப்பாடு. "இவரால் முடிக்க முடியுமா?" என்பதற்குக் கணக்குத்தான் பதில். ஆறு மாதங்களில் தனியாக அறுபது நேர்காணல்கள் என்று எழுதியிருந்தேன். ஒன்று ஒன்றரை மணித்தியாலம் என்றால் 90 மணித்தியால ஒலிப்பதிவு. ஒரு மணித்தியாலப் பதிவை எழுத்தாக்க எனக்கு ஆறு மணித்தியாலமாவது வேண்டும். ஆக 540 மணித்தியாலம்; நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றாலும் 68 வேலை நாட்கள். பயணத்துக்கும் பகுப்பாய்வுக்கும் எழுதுவதற்கும் நேரம் போதாது. பதினைந்தாகக் குறைத்தபோது எழுத்தாக்கம் 17 நாட்களுக்குள் அடங்கியது.

இன்னொன்றையும் விட்டிருந்தேன். பேசும்போது ஒரு அம்மா உடைந்துபோனால் என்ன செய்வேன்? ஒலிப்பதிவு யார் கையில் இருக்கும்? பேச்சை இடையில் நிறுத்தும் உரிமை, அருகில் அணுகக்கூடிய உளவளத்துணையாளர், பெயர் நீக்கிய பிரதி ஆகியவற்றை எழுதிச் சேர்த்தேன். திரும்பத் திரும்பச் சாட்சியம் சொல்லிக் களைத்த சனத்திடம் போகிறவர் இதற்குப் பதில் சொல்லாவிட்டால், குழு மறுப்பது நியாயமே.

இரண்டாவது முன்மொழிவு முதலாவதை விடச் சிறியது. ஏற்றுக்கொள்ளப்பட்டது அதுதான்.