நீச்சல்குள ஹீட்டர்: வெட்டவெளிக் குளத்தின் வெப்பக் கணக்கு

வெட்டவெளி நீச்சல்குளத்துக்கு எவ்வளவு திறனுள்ள ஹீட்டர் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது குளத்தின் கொள்ளளவு அல்ல, அதன் நீர்ப்பரப்பு. எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற கணக்கு, குளிர்ந்த குளம் சூடேற எத்தனை நாளாகும் என்பதை மட்டுமே சொல்லும். சூடேறிய குளம் சூடாகவே இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு மணியும் வெளியேறும் வெப்பத்தை ஹீட்டர் ஈடுகட்டியாக வேண்டும். அந்த வெப்பம் நான்கு வழிகளில் போகிறது: ஆவியாதல், காற்றோடு வெப்பச்சலனம், வானை நோக்கிய கதிர்வீச்சு, மண்ணுக்குள் கடத்தல். முதல் மூன்றும் நீர்ப்பரப்பின் வழியாகவே நடக்கின்றன.

ஆவியாதலுக்கு முதலில் கணக்கு வகுத்தவர் மான்செஸ்டரில் வாழ்ந்த ஜான் டால்டன். அணுக்கொள்கையால் பெயர் பெற்ற இவர், 1787 முதல் 1844இல் இறக்கும்வரை வானிலைக் குறிப்பேடு எழுதிவந்தவர். நீர் ஆவியாகும் வேகம் காற்றின் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததல்ல என்று 1802இல் வெளியான கட்டுரையில் அவர் காட்டினார். நீர்ப்பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் காற்றில் ஏற்கெனவே உள்ள ஆவியின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே ஆவியாதலைத் தள்ளும் விசை. காற்று வீசினால் ஆவியாதலின் வேகம் கூடும். குளிர்ந்த இரவில் வெந்நீர்க் குளத்தின் மேல் புகைபோல் ஆவி எழுவதற்கு அந்த அழுத்த வேறுபாடே காரணம்.

குளிர்சாதனத் தொழிலின் முன்னோடி வில்லிஸ் கேரியர் 1918இல் இந்த விதிக்கு எண்கள் கொடுத்தார். பொறியாளர்கள் இன்றும் எடுத்தாளும் வடிவம் இது:

```
E = A (0.089 + 0.0782 V) (pw − pa)
```

E என்பது கிலோவாட்டில் இழப்பு. A சதுர மீட்டரில் பரப்பு. V நீர்மட்டத்தை ஒட்டிய காற்றின் வேகம், விநாடிக்கு மீட்டரில். கடைசி அடைப்புக்குள் இருப்பது கிலோபாஸ்கலில் ஆவியழுத்த வேறுபாடு. ஆளில்லாமல் அசையாதிருக்கும் குளத்துக்கு இந்தச் சூத்திரம் அதிகமாகவே சொல்கிறது. அமெரிக்காவின் கொலராடோவில் வெட்டவெளிக் குளமொன்றை அளந்து 1990களில் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆவியாதல் ஏறத்தாழக் கால் பங்கு குறைவாக இருந்தது. ஆகவே முக்கால் பங்கை எடுத்துக்கொள்வதே சரி.

வெப்பச்சலனத்துக்குத் தனிச் சூத்திரம் தேவையில்லாமல் செய்தவர் ஐரா போவன், பின்னாளில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் இயக்குநரான அதே போவன். ஆவியைச் சுமந்து செல்லும் காற்றேதான் சூட்டையும் சுமந்து செல்கிறது. எனவே இரண்டு இழப்புக்கும் இடையே கணக்கிடத்தக்க ஒரு விகிதம் இருக்கும் என்று 1926இல் அவர் நிறுவினார். வெப்பநிலை வேறுபாட்டை ஆவியழுத்த வேறுபாட்டால் வகுத்து, கடல் மட்டத்தில் 0.066ஆல் பெருக்கினால் விகிதம் கிடைக்கும். மலையில் காற்றழுத்தம் குறைவதால் இந்த எண்ணும் அதே அளவில் குறையும்.

கொடைக்கானல் உயரத்தில், அதாவது சுமார் 2,100 மீட்டரில், விடுதிக் குளம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நீளம் 10 மீட்டர், அகலம் 5, ஆழம் 1.5. பரப்பு 50 சதுர மீட்டர், தண்ணீர் 75,000 லிட்டர். நீர் 28 டிகிரியில் நிற்க வேண்டும். சனவரிக் குளிரில் காற்று 12 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு, நீர்மட்டக் காற்று விநாடிக்கு 1 மீட்டர்.

28 டிகிரி நீரின் ஆவியழுத்தம் 3.78 கிலோபாஸ்கல், காற்றில் உள்ளது 0.98. வேறுபாடு 2.8. கேரியர் கணக்கில் 23.4 கிலோவாட் வருகிறது. அதில் முக்கால் பங்கு 17.5. இந்த ஒரு வழியில் மட்டும் நாளொன்றுக்கு 600 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகும். நீர்மட்டம் 12 மில்லிமீட்டர் இறங்கும். இந்த உயரத்தில் போவன் விகிதம் 0.30 என்பதால் வெப்பச்சலனம் 5.2 கிலோவாட். மேகமற்ற இரவில் வானம், காற்றைவிட 20 டிகிரி குளிர்ந்த ஒரு கூரைபோல் செயல்படுகிறது. நீருக்கும் மைனஸ் 8 டிகிரி வானுக்கும் இடையே ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதிப்படி 8.8 கிலோவாட் போகும். மேகம் மூடிய இரவில் இது பாதியாகிவிடும். மண்ணுக்குள் போவது 1 கிலோவாட் அளவே. குளத்தைச் சுற்றியுள்ள மண் நாளடைவில் தானும் சூடேறி வெப்பத்தைத் தடுத்துவிடுகிறது. நிலத்தடி நீரோட்டம் உள்ள இடத்திலும், சுவர் வெளியே தெரியும் மொட்டைமாடிக் குளத்திலும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே இழப்பு கூடும்.

மொத்தம் 32.5 கிலோவாட். இதில் பாதிக்கு மேல் ஆவியாதல். காற்று விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசினால் அந்த இழப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். குளத்தோரம் ஒரு வேலியோ சுவரோ இருப்பது அதனால்தான் முக்கியம். வானிலை நிலையம் தரும் காற்று வேகம் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் ஹீட்டர் தேவையில்லாமல் பெரிதாகும்.

இரவு 14 மணி நேரம் குளத்தைப் போர்வையால் மூடினால் ஆவியாதல் ஏறக்குறைய நின்றுவிடும். இழப்பு 15 கிலோவாட்டுக்குள் அடங்கும். திறந்திருக்கும் 10 மணிக்கு 325 யூனிட், மூடியிருக்கும் 14 மணிக்கு 210 யூனிட், ஆக 535. இதை 24ஆல் வகுத்தால் 22 கிலோவாட். பகல் வெயில் தரும் வெப்பத்தை இதில் சேர்க்கவில்லை. மழைமூட்டமான வாரத்திலும் குளம் சூடாக இருக்க வேண்டுமல்லவா? குளிர்ந்த குளத்தை 16 டிகிரியிலிருந்து 28க்கு ஏற்ற, இழப்பு நீங்கலாக 1,047 யூனிட் தேவை. மூடிய குளத்தை 22 கிலோவாட் ஹீட்டர் சூடேற்ற ஏறத்தாழ நான்கு நாள் ஆகும். 30 கிலோவாட் என்றால் இரண்டு நாளுக்குச் சற்று மேல்.

கணக்கு சரியா என்று பார்க்கவும் வழியுண்டு. மாலை 6 மணிக்கு ஹீட்டரை நிறுத்தி, போர்வை இல்லாமல் விட்டு, காலையில் தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டும். இந்தக் குளம் ஒரு டிகிரி குளிர 87 யூனிட் இழக்க வேண்டும். ஆகவே 12 மணி நேரத்தில் 4 டிகிரி அளவு இறங்குவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால் காற்றோ கசிவோ காரணம். கசிவைக் கண்டுபிடிக்க, குளத்துப் படிக்கட்டில் ஒரு வாளியில் குளத்து நீரை நிரப்பி, உள்ளும் புறமும் ஒரே மட்டத்தில் இருக்குமாறு வைக்க வேண்டும். ஒருநாள் கழித்துக் குளத்து மட்டம் வாளியைவிட அதிகம் இறங்கியிருந்தால் அது ஆவியல்ல, ஓட்டை.

இப்போது பெரும்பாலும் ஹீட் பம்ப், எரிவாயு ஹீட்டர், சூரியத் தகடு ஆகியவை பயன்படுகின்றன. ஹீட் பம்பின் பெயர்ப்பலகையில் உள்ள திறன் வழக்கமாக 27 டிகிரிக் காற்றில் அளந்தது. 10 டிகிரிக் காற்றில் அதில் 60 விழுக்காடு அளவே கிடைக்கும். மேற்சொன்ன 22 கிலோவாட் தேவைக்குப் பலகையில் 37 இருந்தாக வேண்டும். வாங்குபவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது 10 டிகிரிக் காற்றில் அந்த இயந்திரம் தரும் திறனைத்தான். அதைக் கேட்பதற்கு முன் போர்வையை வாங்கிவிடுவது நல்லது.