முதல் வாரத்தின் பொறுப்பு யாருடையது? சார்ஸ்-கோவ்-2 தொற்றில் இன்டர்ஃபெரானும் எதிர்ப்பொருளும்

சுவாச வைரஸ் தொற்றிலிருந்து ஒருவர் மீண்டால், அந்தப் பெருமையை நாம் வழக்கமாக எதிர்ப்பொருளுக்கே கொடுத்துவிடுகிறோம். நாட்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணிப்பு பொருந்தவில்லை. முதல் தொற்றின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இன்டர்ஃபெரான் வெளிப்படும் நேரம்தான். எதிர்ப்பொருளின் முதன்மையான பணி அடுத்த தொற்றுக்கானது என்பதே என் வாதம்.

நாட்களை எண்ணுவது எளிதல்ல. நோயாளி எப்போது தொற்றுக்கு உள்ளானார் என்பது சாதாரணமாகத் தெரியாது. இந்தக் குறையை 2021இல் லண்டனில் நடந்த ஆய்வு நீக்கியது. முன்பு தொற்றோ தடுப்பூசியோ பெறாத, 18 முதல் 29 வயது வரையிலான 36 தன்னார்வலர்களின் மூக்கில் மிகச் சிறிய அளவு சார்ஸ்-கோவ்-2 சொட்டாக விடப்பட்டது. பகுப்பாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 34 பேரில் 18 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. வைரஸ் ஏறக்குறைய 40 மணி நேரத்தில் தொண்டையிலும், 58 மணி நேரத்தில் மூக்கிலும் தென்பட்டது. ஐந்தாம் நாளையொட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கியது. வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள் குருதியில் போதிய அளவு சேர்வது இரண்டாம் வாரத்தில்தான். அப்படியானால் அந்த இறக்கத்தைத் தொடங்கிவைத்தது எது?

மூச்சுக்குழல் உட்பரப்பின் செல்லுக்குள் வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது, எம்.டி.ஏ.5 என்னும் உணரிப் புரதம் அதை அந்நியமென அறிகிறது. செல் இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. 1957இல் ஐசக்ஸும் லின்டன்மானும் இன்ஃப்ளூயன்சா வைரஸை வைத்துக் கண்டறிந்த பொருள் இது. இது வைரஸை நேரடியாகத் தாக்குவதில்லை. பக்கத்துச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களை முடுக்கிவிட்டு, வைரஸ் அங்கே பெருக முடியாதபடி செய்கிறது. இதை வைரஸும் எதிர்கொள்கிறது: அதன் என்.எஸ்.பி.1 புரதம் செல்லின் புரத உற்பத்தியை முடக்குகிறது, ஓ.ஆர்.எஃப்.6 புரதம் இன்டர்ஃபெரானின் செய்தி உட்கருவுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. லண்டன் தன்னார்வலர்களிடம் இன்டர்ஃபெரானின் தடயம் குருதியில் மூன்றாம் நாளிலேயே தெரிந்தது, வைரஸ் குடிகொண்ட மூக்கிலோ ஐந்தாம் நாள்தான் தெரிந்தது. இந்தத் தாமதம்தான் வைரஸுக்குக் கிடைத்த அவகாசம்.

தொற்றிய செல்களை அழிக்கும் டி செல்கள் ஏன் இன்டர்ஃபெரானைவிடவும் பின்தங்குகின்றன? குறிப்பிட்ட ஒரு வைரஸ் துண்டை அடையாளம் காணக்கூடிய டி செல் ஏறக்குறைய ஒரு லட்சம் முதல் பத்து லட்சத்தில் ஒன்றுதான். டென்ட்ரைட்டிக் செல் அந்தத் துண்டைச் சுமந்து நிணநீர் முடிச்சுக்குப் போய்ச் சேர வேண்டும். பொருத்தமான டி செல்லைச் சந்திக்க வேண்டும். அது பலமுறை பிரிந்து பெருக வேண்டும். ஆகவே தூண்டப்பட்ட டி செல்கள் பத்தாம் நாளையொட்டித்தான் மிகுகின்றன. ஐந்தாம் நாளில் தொடங்கும் சரிவை இன்டர்ஃபெரான் முன்னெடுக்க, தொற்றிய செல்களை அழிக்கும் வேலையை டி செல்கள் முடிக்கின்றன. தொற்றக்கூடிய செல்கள் குறைந்துபோவதும் சரிவில் பங்கு வகிக்கலாம். அதை மனிதரிடம் பிரித்தளப்பது கடினம்.

இன்டர்ஃபெரான் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2020இல் தெளிவான சான்று கிடைத்தது. உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியாவுக்கு ஆளான 987 பேரில் 101 பேரிடம், தம் சொந்த முதல்வகை இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருட்கள் இருந்தன. அறிகுறியற்ற அல்லது லேசான தொற்றுடைய 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை.

சிகிச்சைச் சோதனைகளும் நேரத்தையே சுட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி சோதனையில், மருத்துவமனையில் சேர்ந்துவிட்டவர்களுக்குத் தரப்பட்ட இன்டர்ஃபெரான் பீட்டா இறப்பைக் குறைக்கவில்லை. பிரேசிலிலும் கனடாவிலும் நடந்த சோதனையிலோ அறிகுறி தோன்றிய ஏழு நாட்களுக்குள் இன்டர்ஃபெரான் லாம்டா ஒரே ஊசியாகப் போடப்பட்டது. மருத்துவமனைச் சேர்க்கையோ நீண்ட அவசர சிகிச்சைக் கண்காணிப்போ தேவைப்பட்டவர்களின் பங்கு 5.6 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்தது. இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் வேறுபாடு முழுவதையும் நேரத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் நேரத்தை ஒதுக்கிவைத்து இதை விளக்குவதும் சிரமம்.

எதிர்ப்பொருளின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவதாக ஒருவர் மறுக்கலாம். பிறவியிலேயே பி செல் அற்ற நோயாளிகள் சிலர் கோவிடிலிருந்து செயற்கைச் சுவாசமின்றி மீண்டார்கள். ஆனால் அத்தகையோரில் வேறு சிலரிடம் தொற்று மாதக்கணக்கில் நீடித்தது. எதிர்ப்பொருள் இன்றியும் முதல் வாரத்தைக் கடக்கலாம், ஆனால் மிச்சமிருக்கும் வைரஸைத் துடைத்தெடுக்க அது பெரிதும் உதவுகிறது என்றே இதைப் படிக்க வேண்டும்.

நான்காம் நாளில் எதிர்ப்பொருள் சோதனை ‘இல்லை’ என்று சொன்னால் முதல்முறை தொற்றுக்கு உள்ளானவரிடம் அது எதையும் விலக்காது. அதேபோல, சில மாதங்கள் கழித்து அளவு இறங்கியிருந்தாலும் நினைவு போய்விட்டதென்று பொருளில்லை. குருதியில் எதிர்ப்பொருள் குறையும் அதே காலத்தில், நிணநீர் முடிச்சின் முளை மையங்களில் பி செல்கள் தம் மரபணுவைத் திருத்தித் திருத்தி மேலும் இறுகப் பற்றும் வடிவங்களைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன. ஸ்பைக் புரதத்தை அறியும் நினைவு பி செல்கள் முதல் மாதத்தைவிட ஆறாம் மாதத்தில் அதிகமாக இருந்தன. 2003இல் சார்ஸிலிருந்து மீண்டவர்களிடம் அதற்கான டி செல்கள் 17 ஆண்டுகளுக்குப் பிறகும் கண்டறியப்பட்டன.

இத்தகைய நினைவு மறுதொற்றைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சளிக்காய்ச்சல் தரும் 229ஈ கொரோனா வைரஸை ஓராண்டு இடைவெளியில் மீண்டும் மூக்கில் விட்ட பழைய பிரிட்டிஷ் சோதனையில், முன்பு தொற்றுக்கு உள்ளானவர்களில் பலருக்கு மறுபடியும் தொற்று வந்தது. ஆனால் ஒருவருக்கும் சளிபிடிக்கவில்லை, வைரஸ் வெளியேறிய நாட்களும் குறைந்திருந்தன.