புரோலினுக்கும் ஒளி வந்த கதை

புரதத்தை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் அமினோ அமிலங்களாக உதிர்ந்துவிடும். எது எவ்வளவு என்று எண்ணுவதுதான் சிரமம். பெரும்பாலானவை நிறமற்றவை, ஒளிராதவை.

1958இல் ஸ்பாக்மன், ஸ்டெயின், மூர் மூவரும் அவற்றைக் குழாயில் பிரித்து, வெளியே வந்தபின் நின்ஹைட்ரின் கலந்து நிறமேற்றி அளந்தார்கள். 1971இல் ரோத் ஓ.பி.ஏ. என்ற ஒளிரும் வினைப்பொருளைக் கொண்டுவந்தார். குழாய்க்குள் செலுத்தும் முன்பே அதை அமினோ அமிலத்தோடு ஒட்டவைக்கும் வழக்கமும் பிறகு வந்தது. ஆனால் ஒட்டிய பொருள் நிலைத்து நிற்காது. புரோலினோ அதில் ஒளிரவே இல்லை. அதன் நைட்ரஜன் வளையத்துக்குள் சிக்கியிருக்கிறது, ஓ.பி.ஏ. கேட்பது வளையத்துக்கு வெளியே தனித்து நிற்கும் அமீனை.

1993இல் கோஹன், மிஷோ இருவரும் வெளியிட்ட ஏ.க்யூ.சி. இரண்டு குறைகளையும் தீர்த்தது. அது புரோலினையும் பிடிக்கும், சில நொடிகளிலேயே. பி.எச். 8.8 உள்ள போரேட் கரைசல் 70 மைக்ரோலிட்டர், மாதிரி 10, வினைப்பொருள் 20; கலந்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது மிச்சத்தின் கதைதான். ஒட்டாமல் மிஞ்சியது தண்ணீரோடு வினைபுரிந்து அமினோகுவினோலினாகிவிடும். அதன் ஒளிர்வு வேறு அலைநீளத்தில் உச்சம் காண்பதால், 395 நானோமீட்டரில் பார்க்கும்போது அமினோ அமிலங்களை அது மறைப்பதில்லை. மிச்சத்தைப் பிரித்தெடுக்கும் வேலையே இல்லை. டைரோசினின் பக்கவாட்டில் ஒட்டியதைக் கழற்ற மட்டும் 55 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குவார்கள்.

முட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமை எடுத்துக்கொள்வோம். குரோமட்டோகிராமில் முதலில் மிச்சத்தின் பீக், பிறகு அஸ்பார்ட்டிக், செரின், குளுட்டாமிக் என்று வரிசை. லியூசினும் ஃபினைல்அலனினும் கடைசியில். லைசோசைமில் அலனின் 12 என்று தெரியும். அதன் பீக் 240 பிக்கோமோல் காட்டினால், ஓர் எச்சத்துக்கு 20. அஸ்பார்ட்டிக் 420 என்றால் 21. அதில் 14 உண்மையில் அஸ்பரஜின். அமிலம் அமைடை உடைத்து அஸ்பார்ட்டிக்காக்கிவிட்டது. இரண்டையும் இனிப் பிரித்துச் சொல்ல முடியாது. புரோலின் 40 காட்டும்: இரண்டு எச்சம். செரின் 200 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் பயப்படவேண்டாம். நீண்ட வேகலில் அது கொஞ்சம் அழியும்.

லைசினைக் கவனமாகப் பார்க்கவேண்டும். அதற்கு இரண்டு அமீன், இரண்டு ஒட்டு வேண்டும். மிச்சத்தின் பீக் மெலிந்து, லைசினும் குறைந்திருந்தால், மாதிரிக்கு வினைப்பொருள் போதவில்லை. மிச்சம் பெரிதாக இருந்தும் எல்லாப் பீக்கும் சிறுத்திருந்தால், மாதிரியை முழுதாக உலர்த்தாமல் எஞ்சிய அமிலம் பி.எச்.சை இறக்கியிருக்கலாம்.

லைசோசைமில் டிரிப்டோஃபேன் ஆறு உண்டு. அவை அமிலத்திலேயே போய்விட்டன. அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும்.