கார்க்கி கேட்ட இரண்டு கேள்விகள்

சிறு வயதில் நாம் ஒருவருக்கொருவர் நொடி போட்டு விளையாடியிருக்கிறோம். அவிழ்க்கத் தெரியாதவர் தோற்றார், அத்தோடு சரி. பழங்கதைகளில் தோற்றவரின் உயிரே போய்விடும். மகாபாரதத்தில் யட்சனின் கேள்விகளைப் பொருட்படுத்தாது பொய்கை நீரை அருந்திய பாண்டவர் நால்வரும் வீழ்ந்தனர். பொறுமையாக விடை கூறிய தருமர் அவர்களை மீட்டார். கிரேக்கக் கதையில் ஸ்பிங்ஸ் போட்ட விடுகதையை அவிழ்க்க முடியாதவர்கள் மாண்டனர். இக்கதைகளில் ஆபத்து விடை சொல்பவருக்கே. கேட்பவருக்கும் ஆபத்து உண்டு என்று சொல்லும் கதையொன்று பிருகதாரணியக உபநிடதத்தில் இருக்கிறது. அதன் நடுவே நிற்பவர் ஒரு பெண்.

விதேக நாட்டு மன்னர் ஜனகர் பெரும் வேள்வி ஒன்றைச் செய்தார். குரு, பாஞ்சால நாடுகளின் அந்தணர்கள் கூடியிருந்தனர். இவர்களுள் மிகக் கற்றவர் யார் என்று அறிய விரும்பிய மன்னர், ஆயிரம் பசுக்களைக் கட்டிவைத்தார். ஒவ்வொரு பசுவின் கொம்புகளிலும் பத்துப் பாதம் நிறையுள்ள பொன் கட்டப்பட்டிருந்தது. மற்றவர்கள் தயங்கி நிற்க, யாக்ஞவல்கியர் தம் மாணவனை அழைத்துப் பசுக்களை ஓட்டிச் செல்லும்படி கூறினார். சபை கொதித்தது. நீர்தான் எம்மில் சிறந்தவரோ என்று கேட்டபோது, சிறந்தவரை வணங்குகிறோம், எமக்கு வேண்டியது பசுக்கள் மட்டுமே என்றார் அவர். ஒருவர் பின் ஒருவராகக் கேள்வி கேட்கத் தொடங்கினர்.

வாசக்னுவின் மகள் கார்க்கியும் எழுந்தார். அவர் கையாண்டது நெசவு மொழி. உலகெல்லாம் நீரில் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருந்தால் நீர் எதில் நெய்யப்பட்டிருக்கிறது? காற்றில் என்றால், காற்று எதில்? இப்படியே சூரியன், சந்திரன், விண்மீன்கள், தேவர் உலகம் எனப் படிப்படியாக ஏறிப் பிரமத்தின் உலகம் வரை சென்று, அது எதில் என்றும் கேட்டார். எல்லை மீறிக் கேட்டால் உன் தலை விழுந்துவிடும் என எச்சரித்தார் யாக்ஞவல்கியர். கார்க்கி அமைதியானார்.

கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, பெண்ணை அதட்டி அடக்கினார்கள் என்று சொல்வோர் உண்டு. ஆனால் உத்தாலகர் கேட்டு முடித்ததும் கார்க்கி மீண்டும் எழுகிறார். இம்முறை சபையிடம் அனுமதி பெறுகிறார். நாணேற்றிய வில்லோடு இரு அம்புகளை ஏந்தி வரும் வீரனைப் போல இரு கேள்விகளோடு வந்திருப்பதாகச் சொல்கிறார். வானுக்கு மேலும் பூமிக்குக் கீழும் இடையிலும் உள்ளவை, சென்றதும் நிகழ்வதும் வருவதும், எதில் நெய்யப்பட்டுள்ளன? ஆகாயத்தில் என்று விடை வருகிறது. அப்படியானால் ஆகாயம் எதில்?

முதலில் ஏணிப்படி போல நீண்ட கேள்வி, இப்போது இரண்டே அடியில் முடிந்துவிட்டது. இந்த இரண்டாம் கேள்வியில் ஒரு பொறி இருப்பதைச் சங்கரர் தம் உரையில் காட்டுகிறார். சொல்லுக்கு அப்பாற்பட்டதைச் சொல்லாவிட்டால் விடை தெரியாதவர் ஆவார். சொன்னாலோ சொல்ல முடியாததைச் சொன்ன குற்றத்துக்கு ஆளாவார். யாக்ஞவல்கியர் அதை அழியாத அட்சரம் என்றார். அது பருமையும் அன்று, நுண்மையும் அன்று, குறிலும் அன்று, நெடிலும் அன்று என ஒவ்வொன்றாக மறுத்தே பொறியிலிருந்து தப்பினார். உடனே கார்க்கி சபையை நோக்கி, வணங்கித் தப்பித்துக்கொண்டாலே போதும், இவரை ஒருவரும் வெல்ல மாட்டீர்கள் என்று தீர்ப்புச் சொன்னார். போட்டிக்கு வந்தவர் நடுவராகிவிட்டார்.

அந்தத் தீர்ப்பை விதக்த சாகல்யர் ஏற்கவில்லை. தேவர்கள் எத்தனை பேர் என்று தொடங்கி, 3306, 33, 6, 3, 2, ஒன்றரை, 1 என்று விடை குறைந்துகொண்டே வந்தும் அவர் நிறுத்தவில்லை. இறுதியில் யாக்ஞவல்கியர் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டார். விடை தெரியாத சாகல்யரின் தலை விழுந்தது. அவருடைய எலும்புகளையும் வேறு ஏதோ பொருள் என எண்ணிக் கள்வர் கொண்டு போயினர்.

இதே கதை சதபதப் பிராமணத்தின் பதினோராம் காண்டத்திலும் உண்டு. பிருகதாரணியகம் அதே நூலின் இறுதிக் காண்டத்தைச் சேர்ந்தது. பதினோராம் காண்டத்தின் சிறிய கதையில் ஜனகரும் பசுக்களும் சாகல்யரின் சாவும் இருக்கின்றன, கார்க்கி இல்லை. எல்லை மீறிக் கேட்டதற்கான சாபம் அங்கே சாகல்யருக்கே கிடைக்கிறது. உபநிடதத்தில் அதே எச்சரிக்கை கார்க்கிக்கும் வருகிறது. அவர் அதைக் கேட்டு அமர்ந்து, கேள்வியை மாற்றி அமைத்து மீண்டும் எழுகிறார். அவருக்குப் பின்னர் எழுந்த சாகல்யருக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லை. இரண்டு கதைகளையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது, தலை தப்பியவர் ஏன் தப்பினார் என்பது நமக்குத் தெளிவாகிறது.

பசுக்கள் யாக்ஞவல்கியரோடு போயின. ஆனால் அவற்றுக்கு உரியவர் யார் என்று சபையறியச் சொன்ன வாய் கார்க்கியுடையது.